மழைக்கு முன் வரத்துக்கால்வாய்: ஞாயிறு வர முடியுமா?

நம் கண்மாய்க் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்கள்தான். போன வருடம் நல்ல மழை பெய்தும் கண்மாயில் பாதிகூடத் தண்ணீர் நிற்கவில்லை. கரையிலும் மடையிலும் பழுதில்லை. வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டி, வந்த தண்ணீரெல்லாம் ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. கலுங்கைச் சுத்தம் செய்து போட்டோ எடுத்துக்கொண்டோமே தவிர, கால்வாயை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும்தான்.

ஜேசிபிக்கு மணிக்கு 1,400 ரூபாய் கேட்கிறார்கள். 20 மணி நேர வேலை, ஆக 28,000. கையிருப்பு 11,500. மீதி 16,500 ரூபாயை நாம்தான் திரட்ட வேண்டும். நூறு ரூபாய் என்றாலும் சரி, குழுவின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், ரசீது உண்டு.

வேரோடு பிடுங்காவிட்டால் கருவேலம் மறுபடி துளிர்க்கும். மெஷின் போக முடியாத இடங்களில் மண்வெட்டியும் ஆளும்தான் வேண்டும். செப்டம்பர் 28, ஞாயிறு காலை 6 மணிக்கு அய்யனார் கோயில் திடலுக்கு வாருங்கள். முள் ஏறாத செருப்பு அவசியம். காலையில் இட்லி, பதினோரு மணிக்கு மோர்.

வெளியூரில் இருப்பவர்கள் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பினாலே போதும். வருபவர்கள் வெள்ளிக்குள் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள், இட்லிக்குக் கணக்கு வேண்டும்.

அன்புடன்,
செயலாளர், கண்மாய்க் குழு