சனிக்கிழமை கிட்டிக்கு என்ன வைக்கலாம்: அண்ணிக்கு

அண்ணி, இந்த மாசக் கிட்டி பார்ட்டி நம்ம வீட்டுல. சனிக்கிழமை நாலு மணிக்கு, நம்மளயும் சேர்த்து பன்னெண்டு பேர். யோசிச்சு வச்சதை எழுதியிருக்கேன், படிச்சுட்டு மாத்தணும்னா சொல்லுங்க.

எல்லாரும் மதியம் சாப்பிட்டுட்டுத்தான் வருவாங்க, ராத்திரி வீட்டுக்குப் போய் சமைக்கவும் செய்வாங்க. அதனால பஜ்ஜி, போண்டா, பிரியாணின்னு எதுவும் வேண்டாம். எண்ணெய்ச்சட்டி வச்சோம்னா யாராவது ஒருத்தர் அடுப்பு முன்னாடியே நிக்கணும். போன மாசம் அந்த வீட்டு அக்கா தம்போலாவுல ஒரு ஆட்டம்கூட உட்காரல, எனக்கு மனசே கேக்கல. மூணு மணிக்கு மேல காபிக்கு மட்டும்தான் அடுப்பு பத்த வைக்கணும்.

முக்கிய அயிட்டம் நம்ம சேலத்து தட்டுவடை செட்தான். கடையில செட்டுக்குன்னு விக்கிற சின்ன சைஸ் தட்டுவடை அறுபது வாங்கிக்கலாம். ஆளுக்கு ரெண்டு செட்னா நாப்பத்தெட்டு போதும், மீதி உடைஞ்சா ஈடு கட்ட. உடைஞ்சதைத் தூக்கிப் போட வேண்டாம், கடைசியில நொறுக்கலா கலந்துடலாம். செட்டை நாம போட்டு அடுக்கி வைக்கவே கூடாது. சட்னி பட்டுக் கொஞ்ச நேரத்துல தட்டுவடை நமுத்துப் போயிடும். தட்டுவடை டப்பா, பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவின கேரட், பீட்ரூட், பொடியா நறுக்கின வெங்காயம், எலுமிச்சை எல்லாத்தையும் மேசையில வரிசையா வச்சுடுவோம். அவங்கவங்க போட்டுக்கட்டும், பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுப்பாங்க. பேச்சு தானா வரும்.

ரெண்டு சட்னியும் கெட்டியா, தண்ணி அதிகம் விடாம அரைக்கணும். பீட்ரூட்டைத் துருவினதும் கையால பிழிஞ்சுடுங்க, இல்லைன்னா கேரட் வெங்காயம் எல்லாத்துலயும் சிவப்பு ஏறிடும். கீழ் வீட்டு மாமி வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டாங்க. அதனால பச்சைச் சட்னி புதினா, மல்லி, பச்சை மிளகாய் மட்டும் போட்டு முதல்ல அரைச்சு எடுத்துட்டு, அப்புறம் அதே ஜார்ல பூண்டு போட்ட சிவப்பு. இந்த வரிசை மாறக் கூடாது. வெங்காயத்துக்கும் தனிக் கரண்டி.

பொடி இட்லி நான் பாத்துக்கறேன். ஒரு லிட்டர் மாவுக்கு மினி இட்லி தாராளமா வரும். காலைலயே அவிச்சு நல்லா ஆற விட்டுடுவேன், சூட்டுல பிரட்டினா பிஞ்சு போகும். நல்லெண்ணெயில கடுகு, கறிவேப்பிலை தாளிச்சு, அடுப்பை அணைச்சதுக்கு அப்புறம்தான் பொடி. இல்லைன்னா பொடி கருகிக் கசக்கும். குச்சிக்கு நாலஞ்சா கோத்து வச்சா தட்டே வேண்டாம். பொடியில பெருங்காயம் உண்டு, பூண்டு கிடையாது, மாமியும் சாப்பிடலாம்.

சுண்டலுக்குக் கறுப்பு கொண்டைக்கடலை முந்நூறு கிராம் வெள்ளிக்கிழமை ராத்திரி ஊற வச்சுடுங்க. தேங்காயும் மாங்காயும் மட்டும் மூணரை மணிக்குச் சேர்த்தா போதும். இப்ப அடிக்கிற வெயில்ல தேங்காய் முன்னாடியே போட்டா ஊசிப் போக வாய்ப்பிருக்கு. தொன்னையில கொஞ்சம் கொஞ்சமா நிரப்பி ரெண்டு தாம்பாளத்துல வைப்போம், ஒண்ணு சோபா பக்கம், ஒண்ணு ஊஞ்சல் பக்கம். ஒரே இடத்துல வச்சா கூட்டம் கூடி நிக்கும்.

இனிப்புக்கு இளநீர் கடல்பாசி. வெள்ளிக்கிழமை சாயந்தரமே செஞ்சு ஃபிரிட்ஜ்ல வச்சுடலாம். பத்து கிராம் கடல்பாசியை அரை லிட்டர் தண்ணில ஊற வச்சு, ஒரு இழைகூடத் தெரியாம கரையிற வரைக்கும் கொதிக்க விடணும். அப்புறம் சர்க்கரை கொஞ்சம், இளநீர் அரை லிட்டர், வழுக்கைத் துண்டு. இளநீரை ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே ஊத்திடாதீங்க, சில்லுனு பட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டா உறைஞ்சுடும். வெளியில வச்சு, சில்லு போனதும் சேர்க்கணும். உறைஞ்சதை வெளியே வச்சாலும் ஜெலட்டின் மாதிரி உருகாது, அதனால நாலு மணிக்கே மேசைக்கு வந்துடலாம். சர்க்கரை இருக்கிறவங்க ரெண்டு பேர் வர்றாங்க, அவங்களுக்குக் கொய்யா நறுக்கி மிளகாய்த்தூள் உப்பு தூவி ஒரு தட்டு.

குடிக்க நீர்மோர், குழாய் வச்ச பானையில. காபி அஞ்சரைக்கு, சீட்டு குலுக்கி முடிச்சதும். டிகாஷன் ரெண்டு மணிக்கே இறக்கி வச்சுடறேன்.

தட்டுவடையும் இளநீரும் அண்ணன் வெள்ளிக்கிழமை வரும்போது வாங்கிட்டு வந்துட்டா நல்லா இருக்கும், சொல்லிடுங்க. காய்கறி நான் சனிக்கிழமை காலைல உழவர் சந்தையில வாங்கிக்கறேன். தொன்னை நாப்பது உங்க வீட்டுல இருக்கான்னு மட்டும் இன்னைக்குப் பாத்துச் சொல்லுங்க.