பணித்திறன் மேம்பாட்டுத் திட்டக் கடிதம்

30.06.2025
ஸ்ரீபெரும்புதூர் கிடங்கு

பெறுநர்: திரு. முருகேசன், ஷிப்ட் சூப்பர்வைசர்

அன்புள்ள முருகேசன்,

ஏப்ரல் முதல் ஜூன் வரை உங்கள் ஷிப்டில் நேரத்துக்குக் கிளம்பிய லோடு 81 சதவீதம், இலக்கு 95. கணினி இருப்பும் ரேக்கில் உள்ள சரக்கும் பொருந்தியது 96.2 சதவீதம், வேண்டியது 99. ஜூன் 12 அன்று மூன்றாவது டாக்கில் ஒரு லாரி நான்கு மணி நேரம் நின்றது. சரக்கு தயார், பிக் லிஸ்ட்தான் எடுக்கப்படவில்லை. ஆள் பற்றாக்குறை என்று நீங்கள் சொன்னது மே மாதத்துக்குச் சரி. ஜூனில் முழு ஆளும் இருந்தார்கள்.

ஆகவே ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 29 வரை 60 நாள் இந்தத் திட்டம் நடக்கும். ஜூலை முடிவில் நேரத்துக்கு அனுப்புவது 90 சதவீதத்தையும், இருப்புத் துல்லியம் 98-ஐயும் எட்ட வேண்டும். ஆகஸ்ட் கணக்கில் 95, 99. எண்கள் WMS அறிக்கையிலிருந்து மட்டுமே எடுக்கப்படும். டிரான்ஸ்போர்ட்டர் லாரி தாமதமாக வந்த லோடு கணக்கில் சேராது. ஆனால் அன்றே கேட் பதிவு நகலோடு எழுதித் தர வேண்டும், அப்புறம் சொன்னால் ஏற்க இயலாது.

திங்கள்தோறும் காலை 10 மணிக்கு என்னுடன் ஆய்வு. கேட்டிருந்த இரண்டு ஸ்கேனர்கள் ஜூலை முதல் வாரத்தில் தரப்படும்.

இலக்கை எட்டினால் திட்டம் முடிந்துவிடும். எட்டாவிட்டால் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகு, பொறுப்பு மாற்றம் அல்லது பணி விதிப்படியான நடவடிக்கை இருக்கும். ஆட்சேபம் இருந்தால் ஜூலை 4-க்குள் மனிதவளப் பிரிவுக்கு எழுதலாம். நகலில் கையெழுத்திடுவது கடிதம் கிடைத்ததற்கு மட்டுமே.

கிடங்கு மேலாளர்