பால்வெட்டு: ஐந்து தன்காக்கள்

ஜப்பானியத் தன்காவுக்கு ஐந்து அடி. 5-7-5-7-7 என்று மொத்தம் 31 அசை. கட்டளைக் கலித்துறைக்கு எண்ணுவதுபோல, ஒற்றெழுத்தை விட்டுவிட்டு எழுத்தெண்ணி எழுதியிருக்கிறேன். பாட்டுக்கு மேலே சிறு முன்குறிப்பு வைப்பது அங்கே பழைய வழக்கம்தான். களம், குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம்.

அப்பாவுக்கு முழங்கால் போனதிலிருந்து வெட்டுக்கு நான்தான் போகிறேன். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். கத்தி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம். அப்புறம் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. அப்பா சில நாள் பின்னால் வந்து நிற்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

நெற்றி விளக்கில்
வெண்ணூலாய்ப் பால் இறங்கும்
சிரட்டைக்குள்ளே;
அப்பா பார்க்காத வரை
பயமில்லை என் கைக்கு

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்துவிடும். வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் கட்டினவர்கள் மழையிலும் வெட்டுகிறார்கள். நாங்கள் இந்த வருசம் கட்டவில்லை.

ஓட்டின்மேல் மழை
கத்தி எரவாணத்தில்
போர்வைக்குள்ளே நான்;
காசு போகிறதென்று
வருத்தமே வரலை

ரப்பர் துளிர்க்கும்போது தேன் பூவில் இல்லை, இலைக்காம்பின் நுனியில் சுரக்கும். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்காரர்கள் பெட்டியோடு வந்து இறங்குவது அதற்குத்தான். அண்ணன் குவைத்திலிருந்து கூப்பிட்டான். ஈ இரைவதைக் கேட்கணும், போனை முற்றத்தில் கொஞ்ச நேரம் வை என்றான். வைத்தேன்.

மாசித் தளிரில்
தேனீப் பெட்டி இரைச்சல்
முற்றம் வரைக்கும்;
அண்ணன் மேலே இருந்த
பொறாமை எங்கே இப்போ?

கீழ்த்தட்டு மரங்களுக்கு வயதாகிவிட்டது, இனி முறிக்கவேண்டியதுதான். முறிப்பதற்கு முன் கடைசியாகக் கண்ட இடத்திலெல்லாம் கீறிப் பால் எடுப்பார்கள். ஸ்லாட்டர் என்று பெயர். அதைச் செய்ய அப்பா சம்மதிக்கவில்லை. நட்டவர் அவர், நான் அப்போது ஒன்றாம் கிளாஸ். லாரி வந்த அன்று கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார்.

லாரி ஏறிய
தடியில் சுண்ணாம்பு எண்
அப்பா துடைத்தார்;
அழப்போகிறார் என்று
முந்திக்கொண்டது நானே

புதுக்கன்று நட்டாயிற்று. வெட்டுக்கு வர ஏறக்குறைய 7 வருசம் ஆகும். அதுவரைக்கும் ஊடுபயிர்தான் சோறு. அப்பாவுக்கோ ஒரே உற்சாகம். குழி அளவு சரியில்லை என்று கூலிக்கு வந்தவர்களிடம் சண்டை வேறு.

கன்றின் இடையில்
மட்டிவாழைக் குலைகள்
முதிர்ந்து தொங்கும்;
ஏழு வருசம் என்றால்
எரிச்சல்தான் வருது