வெப்பமும் வெப்பநிலையும்: ஏன் இரண்டு சொல்?

கேள்வி: பாய்லர் இயக்குபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஹீட்’, ‘டெம்பரேச்சர்’ இரண்டுக்கும் ‘வெப்பம்’ என்றே போட்டிருந்தேன். சரிபார்த்தவர் பாதி இடங்களில் ‘வெப்பநிலை’ என்று திருத்திவிட்டார். ‘இன்று 104 டிகிரி வெப்பம்’ என்று செய்தியில் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறதே, பாய்லர் அறையில் நிற்பவருக்கு மட்டும் இந்த வேறுபாடு எதற்கு?

பதில்: செய்தியில் பக்கத்திலேயே ‘டிகிரி’ நிற்கிறது, அதனால் குழப்பம் வருவதில்லை. கையேட்டில் எல்லா வரியிலும் அந்தத் துணை கிடைக்காது.

ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரி செல்சியஸிலிருந்து 100 வரை சூடாக்க ஏறக்குறைய 419 கிலோஜூல் போதும். அதே தண்ணீர் முழுக்க ஆவியாக இன்னும் 2257 கிலோஜூல் கொடுக்க வேண்டும். அவ்வளவையும் கொடுத்து முடிக்கும்வரை முள் 100-ஐ விட்டு அசையாது. உள்ளே போய்க்கொண்டிருப்பது வெப்பம், அசையாமல் நிற்பது வெப்பநிலை. இதை ஒரே சொல்லில் எழுதினால் ‘வெப்பம் கொடுத்தாலும் வெப்பம் உயராது’ என்று வரும். படிப்பவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். இப்படி மறைந்து நிற்பதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதை ஆராய்ந்தபோதுதான் இவை இரண்டும் வேறு என்பது தெளிவானது. இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி, அதே 100 டிகிரி வெந்நீரைவிட மோசமாகச் சுடுவதற்கும் இதுவே காரணம்.

அடுத்து, உங்கள் கையேட்டில் ‘வெப்பத்தைக் குறைக்கவும்’ என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்குபவர் என்ன செய்வார்? பர்னரைத் தணிப்பாரா, நீராவியின் டிகிரியை இறக்கப் பார்ப்பாரா? கொதிகலனில் தண்ணீரோடு சேர்ந்திருக்கும் நீராவியின் வெப்பநிலை அழுத்தத்தைப் பொறுத்தது. வெற்றிடத்தைப் பூச்சியமாக வைத்து அளக்கும் தனி அழுத்தம் 10 பார் என்றால் சுமார் 180 டிகிரி. அழுத்தம் மாறாதவரை அது இறங்காது. அதனால் இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். அழுத்தத்தோடு விளையாடும் இடத்தில் இந்த மயக்கம் கூடவே கூடாது.

சந்தேகம் வந்தால் அலகைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூல், வாட் பொருந்தினால் வெப்பம்; டிகிரி, கெல்வின் பொருந்தினால் வெப்பநிலை. ‘தெர்மாமீட்டர்’ பலருக்கும் வெப்பமானிதான், ஆனால் அது அளப்பது வெப்பநிலையை. நான் வெப்பநிலைமானி என்றே எழுதுவேன். எச்சரிக்கைப் பலகையில் மட்டும் ‘சூடாக இருக்கும், தொடாதீர்கள்’ போதும், அங்கே கலைச்சொல் தேவையில்லை.

அப்புறம், மொத்தமாகத் தேடி மாற்றிவிடாதீர்கள். வெப்பப் பரிமாற்றி, வெப்பக் கடத்தல், வெப்ப இழப்பு மூன்றும் இப்போது இருப்பதே சரி.