தகரத்துக்குப் பதில் சைக்கிளை நீக்கிவிட்டீர்கள்

பட்டர்வொர்த்,
18 நவம்பர் 2024

ஸ்டூடியோ உரிமையாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். ரசீது எண் 2217. என் அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுத் தரச் சொல்லி இந்த மாதம் 4-ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் உள்ள உங்கள் கடையில் கொடுத்தேன். 180 வெள்ளியையும் கட்டிவிட்டேன். நேற்று வாங்கி வந்தேன்.

பழுப்புக் காகிதம் சுற்றிக் கொடுத்ததால் கடையில் பிரித்துப் பார்க்கவில்லை. அது என் தவறுதான். வீட்டில் பிரித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “ஏன் உங்கப்பா கை அந்தரத்துல நிக்குது?”

1971-இல் சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வாசலில் எடுத்த படம் அது. அப்பாவின் வலது கை சைக்கிள் ஹேண்டில் மேல் இருக்கும். இன்னொரு பக்கம், படிக்கட்டு ஓரமாக, ஒரு நசுங்கிய மண்ணெண்ணெய்த் தகரம். அந்தத் தகரத்தைத்தான் எடுக்கச் சொன்னேன். நீங்கள் தகரத்தை விட்டுவிட்டு சைக்கிளை எடுத்துவிட்டீர்கள். போதாததற்குத் தகரம் முன்பைவிடப் பளிச்சென்று தெரிகிறது.

சைக்கிளையும் முழுசாக எடுக்கவில்லை. இரண்டு சக்கரங்களின் நிழலும் தரையில் அப்படியே கிடக்கின்றன. அப்பாவின் வேட்டி ஓரத்தில் நாலைந்து சக்கரக் கம்பிகள் நிற்கின்றன. பின்னால் இருந்த பலகைச் சுவரின் கோடுகள் ஓரிடத்தில் வளைந்து போகின்றன.

எப்படி நடந்தது என்று எனக்குத் தெரிகிறது. கவுண்டரில் இருந்த பெண் ரசீதில் “வலது பக்கம்” என்று மட்டும் எழுதினார். நான் சொன்னது பார்ப்பவருக்கு வலது. வேலை செய்தவர் அப்பாவுக்கு வலது என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஆனால் அன்று மாலையே “தகரத்தை மட்டும்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடும் விழுந்தது. யாரோ பார்த்திருக்கிறார்கள்.

அந்த சைக்கிள் ஏதோ ஓரமாகக் கிடந்த சாமான் இல்லை, ஐயா. பால் வெட்டிச் சேர்த்த காசில் அப்பா வாங்கிய முதல் பொருள். அதைக் காட்டத்தான் படமே எடுத்தார்கள். எங்களிடம் அதற்கு வேறு படம் கிடையாது.

டிசம்பர் 8-ஆம் தேதி அப்பாவின் வருடத் திதி. அதனால் இந்த மாதம் 28-க்குள் புதுப் படம் வேண்டும், கூடுதல் காசு இல்லாமல். இப்போதுள்ள படத்தின் மேலேயே சைக்கிளை வரைந்து ஒட்டாதீர்கள். முதலில் ஸ்கேன் செய்த கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அதை அழித்துவிட்டீர்கள் என்றால் சொல்லுங்கள், மூலப் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, கொண்டு வருகிறேன். அச்சடிக்கும் முன் வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்புங்கள், அம்மா பார்த்துச் சரி சொன்ன பிறகு அடியுங்கள்.

முடியாது என்றால் 180 வெள்ளியைத் திருப்பித் தந்துவிடுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கல்யாணப் படமும் உங்கள் கடையில் எடுத்ததுதான், அவ்வளவு தூரம் போக மனமில்லை.

நேரம் போதவில்லை என்றால் தகரம் இருந்துவிட்டுப் போகட்டும். சைக்கிள் மட்டும் வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
சரஸ்வதி