மேலாளரைப் பற்றி உங்கள் கருத்து: சாம்பிள் பிரிவு (ஏப்ரல் – செப்டம்பர்)

நிரப்புமுன் இதைப் படித்துவிடுங்கள்

மெர்ச்சண்டைசிங்கில் 4 பேர், சாம்பிளில் 3 பேர், குவாலிட்டியில் 4 பேர். இவ்வளவு சிறிய பிரிவுகளில் பெயர் கேட்காமல் விட்டால் மட்டும் போதாது. கையெழுத்து காட்டிக்கொடுக்கும், "எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வியும் காட்டிக்கொடுக்கும். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னால் சராசரியே எல்லாரையும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் இந்தப் படிவத்தை இப்படி அமைத்திருக்கிறோம்.

மூன்று மேலாளர்களையும் பற்றி 11 பேருமே நிரப்புகிறீர்கள். சாம்பிள் மேலாளரோடு மெர்ச்சண்டைசிங்கும் குவாலிட்டியும் தினமும் பேசித்தான் ஆக வேண்டும், அவர்களுக்கும் சொல்ல விஷயம் இருக்கும். நீங்கள் எந்தப் பிரிவு என்று எங்கும் கேட்கவில்லை. எழுதிக் காட்டவும் இடம் விடவில்லை, டிக் மட்டும் போடுங்கள். மனதில் உள்ளதை விரிவாகச் சொல்ல முடியாதது குறைதான். ஆனால் "ஃபிட் சாம்பிள் விஷயத்தில் அன்றைக்கு…" என்று ஒரு வரி எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும்.

பேனா உறையிலேயே இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே நீல பால்பாயிண்ட்.

பகுதி 1: சாம்பிள் பிரிவு மேலாளர்

(மற்ற இரு மேலாளர்களுக்கான தாள்களிலும் இதே கேள்விகள்தான். அவரோடு வேலை இல்லையென்றால் "தெரியாது" போடுங்கள்.)

1. பையர் கமெண்ட் வந்தால், அதை முழுதாக, நேரத்தோடு எங்களிடம் சொல்கிறார்.
☐ எப்போதும் ☐ பெரும்பாலும் ☐ அரிதாக ☐ தெரியாது

2. தேதி தள்ளிப்போகும் என்று முன்கூட்டியே சொன்னால், கோபப்படாமல் கேட்கிறார்.
☐ எப்போதும் ☐ பெரும்பாலும் ☐ அரிதாக ☐ தெரியாது

3. தவறு நடந்தால், நாலு பேர் முன்னால் இல்லாமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்.
☐ எப்போதும் ☐ பெரும்பாலும் ☐ அரிதாக ☐ தெரியாது

4. தன் முடிவு தவறு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்கிறார்.
☐ எப்போதும் ☐ பெரும்பாலும் ☐ அரிதாக ☐ தெரியாது

5. அடுத்த ஆறு மாதத்தில் அவர் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றால்: (ஒரு டிக்)
☐ வேலையைச் சமமாகப் பிரித்துத் தருவது
☐ கடைசி நேரத்தில் சொல்வதைக் குறைப்பது
☐ பேசும் தொனி
☐ நல்ல வேலையைப் பாராட்டுவது
☐ எதுவும் வேண்டாம், இப்படியே போகட்டும்
☐ தெரியாது

பகுதி 2: உங்கள் சொந்த மேலாளர் (தனித் தாள், எந்த மேலாளரின் பெயரும் இல்லை)

லீவு போன்ற விஷயங்கள் அவரவர் பிரிவுக்கு மட்டுமே தெரியும். அதனால் இந்தத் தாள்களை மூன்று பிரிவுக்கும் சேர்த்தே எண்ணுவோம். முடிவையும் மூன்று மேலாளர்களிடமும் ஒன்றாகவே சொல்வோம்.

6. அவசரத்துக்கு லீவு கேட்கத் தயக்கம் இல்லை.
☐ ஆம் ☐ இல்லை

7. முதலில் நாணயத்தைச் சுண்டுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். தலை விழுந்தால் உண்மையான பதில். பூ விழுந்தால், உண்மை எதுவானாலும் "உண்டு".
"மேலாளருக்குப் பயந்து ஒரு தவறை மறைத்தது உண்டா?"
☐ உண்டு ☐ இல்லை

இந்த முறையின் மூலக் கருத்தை ஸ்டான்லி வார்னர் 1965-ல் முன்வைத்தார். உங்கள் தாளில் "உண்டு" என்று இருந்தாலும் அது நாணயம் சொன்னதா, நீங்கள் சொன்னதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவருமே எதையும் மறைக்கவில்லை என்றாலும் ஐந்தாறு "உண்டு" வரும். 9 அல்லது அதற்கு மேல் வந்தால் மட்டும் இதைப் பேச வேண்டிய விஷயமாக எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நாணயம் மட்டுமே அத்தனை தருவது அரிது. 11 பேருக்கு இது தோராயக் கணக்குதான், அதைத் தெரிந்தே கேட்கிறோம்.

அப்புறம் என்ன நடக்கும்

பெட்டியைத் திறப்பது நம் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்து வருபவர். உங்களில் யாரையும் அவருக்குத் தெரியாது. எண்ணி முடித்ததும் தாள்களை அங்கேயே கிழித்துவிடுவார். மனிதவளப் பிரிவில் நாங்களும் தாள்களைப் பார்க்க மாட்டோம்.

பகுதி 1-ல் ஒரு கேள்விக்கு "தெரியாது" தவிர்த்து 5 பதிலாவது இல்லையென்றால், அந்தக் கேள்வி அறிக்கையில் வராது. மற்றவற்றுக்கு எண்களைத் தர மாட்டோம். "பெரும்பாலானோர்", "கலவையான கருத்து", "சிலர்" என்றே எழுதுவோம். போன சுற்றோடு ஒப்பிடவும் மாட்டோம். இடையில் ஒருவர் சேர்ந்தாலோ விலகினாலோ, இரண்டு முடிவுகளையும் கழித்துப் பார்த்து அவர் என்ன சொன்னார் என்று கண்டுபிடித்துவிட முடியும்.

"இதை யார் சொன்னது?" என்று மேலாளர்கள் கேட்கக் கூடாது. மூவரும் அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். யாராவது ஜாடையாகக் கேட்டால்கூட மனிதவளப் பிரிவுக்கு வந்து சொல்லுங்கள்.

பாலியல் தொல்லை பற்றிய புகாருக்கு இந்தப் படிவம் போதாது. பெயரில்லாத டிக்கை வைத்து எங்களால் நடவடிக்கை எடுக்க முடியாது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அமைத்த உள்ளகக் குழு நம் அலுவலகத்தில் இருக்கிறது, அங்கே எழுத்தில் கொடுங்கள். அதன் உறுப்பினர் பெயர்கள் நேரப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

நிரப்ப விருப்பம் இல்லையா? சரி, வெற்றுத் தாள்களையே உறையில் போட்டு ஒட்டிப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள், யார் போடவில்லை என்பதும் தெரியாமல் இருக்கட்டும். பெட்டி கேன்டீனில், கேமரா பார்வை படாத மூலையில், திங்கள் காலை முதல் சனி மாலை வரை இருக்கும்.