12% எஸ்டிஎஸ்-பேஜ்: ஜெல் ஊற்றுவது, ஓட்டுவது, பட்டை கெட்டால் பார்ப்பது

இந்தக் குறிப்பு நம் ஆய்வகத்தில் ஈ.கோலை செல்லில் ஜிஎஃப்பி புரதம் தயாரிக்கும் புதிய மாணவர்களுக்கானது. புரதம் சுமார் 27 கிலோடால்டன். அதற்கு 12% ஜெல் பொருத்தம். கீழே உள்ள அளவு 1 மி.மீ. தடிமனில் இரண்டு மினி ஜெல்லுக்குப் போதும்.

அக்ரிலமைடு கரைசல் இறுகும் முன் நரம்பு மண்டலத்துக்கு நஞ்சு. கையுறை இல்லாமல் பாட்டிலைத் தொட வேண்டாம்.

கண்ணாடித் தகடுகளை எத்தனாலில் துடைத்து, ஸ்டாண்டில் மாட்டி, முதலில் தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பாருங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஓரத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

ரிசால்விங் ஜெல், 10 மி.லி.:
தண்ணீர் 3.3 மி.லி.
30% அக்ரிலமைடு-பிஸ் (29:1) 4.0 மி.லி.
1.5 மோலார் ட்ரிஸ், பி.எச். 8.8: 2.5 மி.லி.
10% எஸ்டிஎஸ் 100 மைக்ரோலிட்டர்
10% ஏபிஎஸ் 100 மைக்ரோலிட்டர்
டெமெட் 4 மைக்ரோலிட்டர்

ஏபிஎஸ்ஸும் டெமெட்டும் கடைசியில். போட்ட பிறகு மெதுவாகக் கலக்குங்கள். நுரை வரக் குலுக்கினால் ஆக்சிஜன் உள்ளே போகும், ஜெல் இறுகுவதை அது தடுக்கும். ஏபிஎஸ் தூளில் தண்ணீர் விடும்போது மெல்லியதாகப் படபடவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் தூள் ஈரம் கோத்துவிட்டது, புது பாட்டிலை எடுங்கள். கரைத்த ஏபிஎஸ்ஸை வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைத்து ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. ஜெல் ஒருநாள் இறுகும், ஒருநாள் இறுகாது; காரணம் தெரியாமல் நாள் முழுக்கப் போய்விடும்.

சீப்பின் பல்லுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை ஊற்றி, மேலே ஐசோபுரொப்பனாலை மெல்லப் படரவிடுங்கள். அரைமணி முதல் முக்கால் மணி நேரம் காத்திருந்தால் ஜெல்லுக்கும் ஐசோபுரொப்பனாலுக்கும் இடையே கூர்மையான கோடு தெரியும். ஊற்றியது போக மீதியைக் குழாயிலேயே விட்டு வையுங்கள். அது இறுகிவிட்டால் கேசட்டில் உள்ளதும் இறுகியிருக்கும். ஐசோபுரொப்பனாலைக் கொட்டி, தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, ஃபில்டர் தாள் முனையால் ஈரத்தை உறிஞ்சுங்கள்.

ஸ்டாக்கிங் ஜெல் (5%), 4 மி.லி.:
தண்ணீர் 2.7 மி.லி.
30% அக்ரிலமைடு-பிஸ் 0.67 மி.லி.
1.0 மோலார் ட்ரிஸ், பி.எச். 6.8: 0.5 மி.லி.
10% எஸ்டிஎஸ் 40 மைக்ரோலிட்டர்
10% ஏபிஎஸ் 40 மைக்ரோலிட்டர்
டெமெட் 4 மைக்ரோலிட்டர்

இரண்டு ட்ரிஸ் பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றி ஊற்றினால் ஜெல் வழக்கம்போல இறுகும், ஆனால் புரதம் ஒடுங்கிக் கோடாகாது. பி.எச். 6.8-இல் கிளைசினுக்கு மின்னேற்றம் ஏறக்குறைய இல்லை, அதனால் பின்தங்குகிறது. குளோரைடு முன்னே ஓடுகிறது. புரதம் இரண்டுக்கும் நடுவில் சிக்கி மெல்லிய அடுக்காகிறது. 8.8-க்குள் நுழைந்ததும் கிளைசின் வேகமெடுத்துப் புரதத்தைத் தாண்டுகிறது, அதற்குப் பிறகு அளவுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இதே காரணத்தால் ரன்னிங் பஃபரின் பி.எச்.-ஐ அமிலம் விட்டுச் சரிசெய்யக் கூடாது. 25 மில்லிமோலார் ட்ரிஸ், 192 மில்லிமோலார் கிளைசின், 0.1% எஸ்டிஎஸ் என்று எடை சரியாக இருந்தால் 8.3 அளவில் தானே நிற்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் குளோரைடு கூடி அந்த ஒழுங்கே கலையும்.

சீப்பைச் சாய்வாக இறக்கினால் குமிழ் தங்காது. இறுகிய பின் நேராக மேலே இழுத்து, வெல்களை ரன்னிங் பஃபரால் பிப்பெட் வைத்துப் பீய்ச்சிக் கழுவுங்கள். இறுகாத அக்ரிலமைடு அடியில் கிடந்தால் சாம்பிள் சமமாக இறங்காது.

இனி சாம்பிள். ஜெல்லில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன. ஆனால் எல்லோரும் ஜெல்லையே திட்டுவார்கள். ஓ.டி. 1 உள்ள 1 மி.லி. கல்ச்சரின் செல்களை 100 மைக்ரோலிட்டர் 1எக்ஸ் சாம்பிள் பஃபரில் கரைத்து, 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, 13,000 ஆர்பிஎம்மில் 5 நிமிடம் சுற்றி, மேல் தெளிவிலிருந்து 10 மைக்ரோலிட்டர் லோட் செய்யுங்கள். டிடிடியை அன்றன்று சேருங்கள். ஜிஎஃப்பி பிடிவாதமான புரதம், எஸ்டிஎஸ் மட்டும் பட்டால் விரியாது. ஓட்டிய ஜெல்லை நீல ஒளியில் வைக்கும்போது பட்டை பச்சையாக மின்னினால், சூடு போதவில்லை என்று அர்த்தம்.

லோட் செய்யும்போது நீலச் சாயம் வெல்லின் அடியில் தட்டையாகப் படிய வேண்டும். மேலே மிதந்து பக்கத்து வெல்லுக்குப் போனால் கிளிசரால் குறைவு. சாம்பிள் மஞ்சளாக இருந்தால் அமிலம் மீதமிருக்கிறது. நீலமாகும் வரை ட்ரிஸ் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள். காலி வெல்களில் வெறும் சாம்பிள் பஃபர் போடுங்கள், ஓர லேன்கள் வளையாது.

ஸ்டாக்கிங்கில் 80 வோல்ட், அப்புறம் 120. ஆன் செய்ததும் மின்கம்பியிலிருந்து குமிழ் எழுகிறதா என்று பாருங்கள். சாயக் கோடு அடி ஓரத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். நிறுத்திய ஜெல்லை அப்படியே விட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. மின்சாரம் இல்லாமல் புரதம் பரவிப் பட்டை தடிக்கும்.

இழுவினால். லேன் முழுக்க மேலிருந்து கீழே படர்ந்திருந்தால் முதலில் அளவைக் குறையுங்கள். சாம்பிள் பிப்பெட் முனையில் நூலாக இழுபட்டால் அது டிஎன்ஏ: 26 கேஜ் ஊசியில் சில தடவை உறிஞ்சித் தள்ளுங்கள், அல்லது சோனிகேட் செய்யுங்கள். கீழ்ப்பக்கம் மட்டும் சிறு துண்டுகளாக இழுவினால் புரோட்டியேஸ் வேலை. சாம்பிள் பஃபர் சேர்த்தவுடனே சூடாக்குங்கள், மேசையில் வைத்திருக்காதீர்கள். பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரில் உள்ள சாம்பிளில் வெள்ளைப் படிவு வந்தால் அது பொட்டாசியத்தோடு சேர்ந்து படிந்த எஸ்டிஎஸ். சோடியம் பஃபருக்கு மாறுங்கள். குவானிடினும் இதையே செய்யும், டயாலிசிஸ் செய்துவிட்டுத்தான் லோட் செய்ய வேண்டும். சவ்வுப் புரதம் எடுப்பவர்கள் 95 டிகிரிக்குப் போகாமல் 37 டிகிரியில் அரைமணி வைத்துப் பாருங்கள். கொதித்தால் சில ஒன்றோடொன்று ஒட்டி வெல்லிலேயே நின்றுவிடும்.

சிரித்தால். நடு லேன்கள் முன்னே ஓடி ஓரங்கள் மேலே வளைந்திருந்தால் ஜெல்லின் நடு சூடாகியிருக்கிறது. வோல்டேஜைக் குறையுங்கள், வெளித் தொட்டியில் பஃபர் குறி வரை இருக்கிறதா பாருங்கள், 10எக்ஸ் பஃபரை நீர்க்காமல் ஊற்றவில்லையே என்று உறுதி செய்யுங்கள். குளிர்ந்த பஃபர் நல்லது, ஆனால் அதிகம் குளிர்ந்தால் எஸ்டிஎஸ் வெண்மையாகத் திரளும். ஒரே ஒரு லேன் அகலமாகி அண்டை லேனை நெருக்கினால் அது வேறு கோளாறு: அந்தச் சாம்பிளில் உப்பு அதிகம். நிக்கல் காலம்னிலிருந்து வந்த எல்யூஷன்களை நீர்த்தோ உப்பு நீக்கியோ லோட் செய்யுங்கள்.

மங்கினால். மார்க்கரைப் பாருங்கள். அதுவும் மங்கலா? சாயத்தில்தான் கோளாறு. பலமுறை பயன்படுத்திய கூமாசியைக் கொட்டிவிட்டு, 0.1% ஆர்-250, 40% மெத்தனால், 10% அசெட்டிக் அமிலம் என்று புதிதாகக் கலக்குங்கள். அதிக நேரம் டீஸ்டெயின் செய்தாலும் பட்டை வெளுக்கும். மார்க்கர் பளிச்சென்று இருந்து சாம்பிள் மட்டும் மங்கினால் புரதமே குறைவு. பிராட்ஃபோர்டு அளந்துவிட்டு லோடைக் கூட்டுங்கள். சில பத்து நானோகிராமுக்குக் கீழே கூமாசியில் எதிர்பார்க்க வேண்டாம், சில்வர் ஸ்டெயினுக்குப் போங்கள். மார்க்கரின் சின்னப் பட்டைகளே காணோம் என்றால் அதிக நேரம் ஓட்டியிருக்கிறீர்கள். பெரிய பட்டைகள் வெல்லுக்குக் கீழே நெருக்கமாக நின்றிருந்தால் சீக்கிரம் நிறுத்தியிருக்கிறீர்கள்.

அடுத்த ஜெல்லில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நோட்டில் வோல்டேஜ், நேரம், பஃபர் கலந்த தேதி மூன்றையும் ஜெல் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.